உள்ளுறைக் காசநோய்த் தொற்றைக் கண்டறியும் இன்டர்ஃபெரான் காமா வெளியீட்டுச் சோதனை: செயல்முறையும் ‘தீர்மானிக்க இயலாத’ முடிவுகளின் காரணங்களும்

ஆய்வுச்சுருக்கம்

காசநோய்க் கிருமி உடலில் உறங்கும் நிலையில் இருப்பதை நேரடியாகக் காட்டும் சோதனை எதுவும் இல்லை. அக்கிருமியை முன்பே சந்தித்த டி செல்கள் குருதியில் உள்ளனவா என்பதை மட்டுமே அறிய இயலும். இன்டர்ஃபெரான் காமா வெளியீட்டுச் சோதனை இந்த அடிப்படையில் அமைந்தது. இச்சோதனை நேர்மறை, எதிர்மறை என்னும் இரு விடைகளோடு ‘தீர்மானிக்க இயலாதது’ என்னும் மூன்றாவது விடையையும் தருகிறது. நான்கு குழாய் முறையை எடுத்துக்கொண்டு, அந்த மூன்றாவது விடை எக்கணக்கின்படி பிறக்கிறது, அதன் காரணம் நோயாளியின் உடலிலா குருதி கையாளப்பட்ட முறையிலா என்பதை எவ்வாறு பிரித்தறிவது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உள்ளுறைக் காசநோய்த் தொற்று, இன்டர்ஃபெரான் காமா, டி செல், மைட்டோஜென், எலைசா, தீர்மானிக்க இயலாத முடிவு.

1. முன்னுரை

முடக்குவாத நோயாளி ஒருவருக்கு, கட்டி நசிவுக் காரணி எனப்படும் டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கும் மருந்தைத் தொடங்க மருத்துவர் முடிவு செய்கிறார். அதற்குமுன் உள்ளுறைக் காசநோய்த் தொற்று உண்டா எனச் சோதிக்கச் சொல்கிறார். ஆய்வகத்திலிருந்து வரும் அறிக்கையில் நேர்மறை என்றும் இல்லை, எதிர்மறை என்றும் இல்லை. ‘தீர்மானிக்க இயலாதது’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இதனை ‘ஏறத்தாழ எதிர்மறை’ என்று கொள்வோரும் உண்டு. ‘இலேசான நேர்மறை’ என்று கொள்வோரும் உண்டு. இரண்டும் பிழையே. அச்சொல் தொற்றைப் பற்றி எதனையும் கூறவில்லை. சோதனை தன் கேள்வியைக் கேட்கவே இயலவில்லை என்பதை மட்டும் கூறுகிறது.

இப்பிழையின் விளைவு சிறிதன்று. உறங்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி உடல் எழுப்பும் செல் அரணைக் கட்டிக்காப்பதில் டிஎன்எஃப் புரதத்துக்கு முதன்மையான பங்கு உண்டு. அதனைத் தடுத்தால் அரண் தளர்கிறது. இன்ஃப்ளிக்சிமாப் என்னும் தடுப்பு மருந்தைப் பெற்றவர்களிடையே தோன்றிய 70 காசநோய் நேர்வுகள் 2001ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் தொகுத்து வெளியிடப்பட்டன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை நுரையீரலுக்கு வெளியே தோன்றியவை. பெரும்பாலானவை முதல் மூன்று தவணை மருந்துக்குள்ளேயே தோன்றியவை. மருந்தைத் தொடங்குமுன் உள்ளுறைத் தொற்றைத் தேடும் வழக்கம் இதன்பின்னரே வலுப்பெற்றது. எனவே, அறிக்கையிலுள்ள அந்த ஒரு சொல்லைச் சரியாகப் படிப்பது மருத்துவ முடிவையே மாற்றக்கூடியது.

2. சோதனை எதனைத் தேடுகிறது?

காசநோய்க் கிருமி நுரையீரலை அடைந்ததும் விழுங்கு செல்கள் அதனை உட்கொள்கின்றன. கிருமியின் புரதத் துண்டுகளை அவை தம் புறப்பரப்பில் ஏந்தி டி செல்களுக்குக் காட்டுகின்றன. அத்துண்டுக்குப் பொருந்தும் ஏற்பியைக் கொண்ட டி செல் தூண்டப்பட்டுப் பெருகுகிறது. இன்டர்ஃபெரான் காமா என்னும் செய்திப் புரதத்தைச் சுரக்கிறது. அச்செய்தி, கிருமியைக் கொல்லும் ஆற்றலை விழுங்கு செல்லுக்கு ஊட்டுகிறது. போராட்டம் தணிந்தபின் இந்த டி செல்களுள் ஒரு பகுதி நினைவுச் செல்களாகக் குருதியில் நீடிக்கிறது. அதே புரதத் துண்டு மீண்டும் காட்டப்பட்டால் அவை சில மணி நேரத்துக்குள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கத் தொடங்குகின்றன.

சோதனை தேடுவது இந்த நினைவையே. குருதியை எடுத்து, உடலுக்கு வெளியே ஒரு குழாய்க்குள் காசநோய்க் கிருமியின் புரதத் துண்டுகளைக் காட்டி, ஓர் இரவு காத்திருந்து, இன்டர்ஃபெரான் காமா சுரந்ததா என அளக்கிறோம். இதே கருத்து முதலில் கால்நடைகளின் காசநோயைக் கண்டறிய ஆஸ்திரேலியாவில் 1980களின் இறுதியில் உருவாக்கப்பட்டது. பின்னரே மனிதர்களுக்கு விரிவாக்கப்பட்டது.

நினைவைத் தேடும் சோதனை என்பதிலிருந்து இரண்டு வரம்புகள் உடனே பெறப்படுகின்றன. ஒன்று, நினைவு உண்டு என்பதால் கிருமி இன்னும் உயிரோடு உள்ளது என்று உறுதி சொல்ல இயலாது. மற்றொன்று, உறங்கும் தொற்றையும் முனைப்பான நோயையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது; அப்பிரிவினைக்கு நோய்க்குறிகளும் நெஞ்சு ஊடுகதிர்ப் படமும் சளிச் சோதனையுமே துணை.

3. ஆன்டிஜென் தேர்வும் பிசிஜி தடுப்பூசியும்

பழைய டியூபர்குலின் தோல் சோதனையும் நினைவையே தேடுகிறது. ஆனால், அதில் செலுத்தப்படும் பொருள் பல புரதங்களின் கலவை. அப்புரதங்களுள் பல பிசிஜி தடுப்பூசிக் கிருமியிலும் சூழலில் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களிலும் உள்ளன. இதனால் தடுப்பூசி பெற்றவரின் தோலும் தடிக்கக்கூடும். பிறந்தவுடன் பிசிஜி இடப்படும் இந்தியா போன்ற நாடுகளில் இது தொடர்ந்து ஐயத்துக்கு இடமளித்து வந்துள்ளது.

இச்சிக்கலுக்கான விடை தடுப்பூசியின் வரலாற்றிலேயே அடங்கியிருந்தது. கால்மெட், குவெரன் ஆகிய இருவரும் 1908 முதல் 1921 வரை மாட்டுக் காசநோய்க் கிருமியை மீண்டும் மீண்டும் வளர்ப்பு ஊடகத்தில் மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தனர். அவ்வாறு வளர்ந்த காலத்தில் கிருமியின் மரபுத்தொகுதியிலிருந்து ஒரு பகுதி உதிர்ந்துபோனது. ஆர்டி1 என்று இன்று அழைக்கப்படும் அப்பகுதி பிசிஜியின் எந்தக் கிளை வகையிலும் இல்லை. காசநோய்க் கிருமியில் உண்டு. ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்னும் இரு சிறு புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் அப்பகுதியில்தான் அமைந்துள்ளன. இவ்விரு புரதங்களின் துண்டுகளை மட்டும் ஆன்டிஜென்னாகப் பயன்படுத்தினால் பிசிஜி பெற்றவரின் டி செல்கள் அவற்றை அடையாளம் காணா. இதுவே இச்சோதனையின் முதன்மை நன்மை. எனினும், மைக்கோபாக்டீரியம் கன்சாசி, மைக்கோபாக்டீரியம் மரைனம் முதலிய சில சூழல் கிருமிகளிலும் இப்புரதங்கள் உள்ளமையால் அவற்றின் தொற்று நேர்மறை முடிவைத் தரக்கூடும்.

4. நான்கு குழாய்களின் பணி

பரவலாகப் பயன்படும் குவாண்டிஃபெரான் பிளஸ் முறையில் ஒருவரிடமிருந்து நான்கு குழாய்களில், ஒவ்வொன்றிலும் 1 மில்லி லிட்டர் வீதம், குருதி எடுக்கப்படுகிறது. 0.8 முதல் 1.2 மில்லி லிட்டர் வரை ஏற்கத்தக்கது.

முதலாவது நில் குழாய். இதில் குருதி உறையாமல் காக்கும் ஹெப்பாரினைத் தவிரத் தூண்டும் பொருள் எதுவும் இல்லை. எதுவும் தூண்டாதபோதே குருதியில் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா இருக்கிறது என்பதை இது காட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் டிபி1, டிபி2 குழாய்கள். இவற்றின் உட்சுவரில் ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதத் துண்டுகள் பூசப்பட்டுள்ளன. டிபி1இல் உள்ள நீண்ட துண்டுகள் சிடி4 வகை டி செல்களைத் தூண்டுகின்றன. டிபி2இல் அவற்றோடு சிடி8 வகையைத் தூண்டும் குறுந்துண்டுகளும் உள்ளன. நான்காவது மைட்டோஜென் குழாய். இதில் பூசப்பட்டுள்ள பைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் அவரையினப் புரதம், டி செல்லின் ஏற்பி எதற்குரியது என்று பாராமல் எல்லா டி செல்களையும் தூண்டும். ஆகவே, உயிரோடும் செயலாற்றலோடும் டி செல்கள் இருந்தால் இக்குழாயில் இன்டர்ஃபெரான் காமா பெருக வேண்டும்.

நில் குழாய் ‘பின்னணி ஓசை எவ்வளவு?’ என்று கேட்கிறது. மைட்டோஜென் குழாய் ‘விடை சொல்ல ஆள் இருக்கிறாரா?’ என்று கேட்கிறது. இவ்விரண்டுக்கும் சரியான விடை கிடைத்தால்தான் நடுவிலுள்ள இரு குழாய்களின் விடைக்குப் பொருள் உண்டு.

குருதி எடுத்தவுடன் குழாய்களைப் பத்து முறை மேலும் கீழுமாகக் குலுக்க வேண்டும். பூசப்பட்ட பொருள் உட்சுவர் முழுவதிலும் ஒட்டியிருப்பதால் குருதி சுவர் முழுவதையும் நனைத்தால்தான் அது கரையும். அதற்காக வன்மையாகக் குலுக்கினால் குழாயின் அடியிலுள்ள கூழ்மம் சிதைந்து முடிவு பிறழும். பின்னர், குருதி எடுத்த 16 மணி நேரத்துக்குள் குழாய்கள் 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட வேண்டும். அதுவரை அறை வெப்பத்தில், அதாவது 17 முதல் 25 பாகைக்குள், இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தலாகாது. 37 பாகையில் 16 முதல் 24 மணி நேரம் கழிந்தபின் குழாய்கள் மையவிலக்கியில் சுழற்றப்படும். அப்போது கூழ்மம், செல்களுக்கும் மேலே நிற்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே தடுப்பாக அமையும். பிளாஸ்மாவிலுள்ள இன்டர்ஃபெரான் காமா, எலைசா முறையில் மில்லி லிட்டருக்கு இத்தனை பன்னாட்டு அலகு என அளக்கப்படும்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். வழக்கமான குருதிச் சோதனைகளில் அளக்கப்படும் பொருள், குருதி எடுக்கும்போதே அதில் இருக்கிறது. இச்சோதனையில் அளக்கப்படும் பொருள் குருதி எடுத்தபின்னரே உருவாகிறது. அதனை உருவாக்குபவை உயிருள்ள செல்கள். நோயாளியின் செல்களே இங்கு வினைப்பொருள். 37 பாகையில் வைக்கும் கட்டம் முடிந்தபின் குழாய்கள் மூன்று நாள் வரை காத்திருக்கலாம்; ஏனெனில், அப்போது புரதம் உருவாகிவிட்டது. அதற்கு முந்தைய சில மணி நேரமே சோதனையின் மென்மையான பகுதி. தீர்மானிக்க இயலாத முடிவுகளில் தவிர்க்கக்கூடியவை பலவும் அங்கே பிறக்கின்றன.

5. கணக்கீடும் மூன்று விடைகளும்

நேர்மறை என்று கொள்ள மூன்று நிபந்தனைகள் வேண்டும். நில் அளவு 8.0 அலகுக்கு மிகாமல் இருக்க வேண்டும். டிபி1 அல்லது டிபி2 அளவிலிருந்து நில் அளவைக் கழித்தால் 0.35 அலகோ அதற்கு மேலோ வர வேண்டும். அந்த வேறுபாடு நில் அளவில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை ஏன் என்பதை ஓர் எண் விளக்கும். நில் 2.0, டிபி1 2.4 எனக் கொள்வோம். வேறுபாடு 0.4, அது 0.35ஐத் தாண்டிவிட்டது. ஆனால், 2.0இன் கால் பங்கு 0.5. வேறுபாடு அதனை எட்டவில்லை. பின்னணி உயர்ந்திருக்கும்போது அளவீட்டின் இயல்பான ஏற்ற இறக்கமே 0.4 அளவுக்கு வேறுபாட்டைத் தோற்றுவிக்கலாம் என்பதால் இது நேர்மறையாகக் கொள்ளப்படுவதில்லை.

நேர்மறைக்குரிய நிபந்தனை நிறைவேறாமல், நில் 8.0க்கு மிகாமலும் மைட்டோஜெனுக்கும் நில்லுக்கும் உள்ள வேறுபாடு 0.5 அல்லது அதற்கு மேலும் இருந்தால் முடிவு எதிர்மறை. அந்த வேறுபாடு 0.5க்குக் குறைந்தால் தீர்மானிக்க இயலாதது. நில் 8.0ஐத் தாண்டினால் மற்ற எண்கள் எவையாயினும் தீர்மானிக்க இயலாதது.

இவ்விதிகளில் ஒரு சமனின்மை உண்டு. மைட்டோஜென் குறைவாக இருந்தும் டிபி குழாய் உரிய அளவை எட்டினால் முடிவு நேர்மறையே. வலிமையான தூண்டலுக்கே அரைகுறையாக விடையளித்த செல்கள் காசநோய்ப் புரதத்துக்கு விடையளித்துவிட்டன என்றால் அவ்விடை மெய்யானது. மைட்டோஜென் தோல்வி பறிப்பது ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையை மட்டுமே. விடையளிக்க இயலாத செல்களின் அமைதியை ‘நான் இக்கிருமியைச் சந்தித்ததில்லை’ என்னும் விடையாகக் கொள்ளலாகாது. நில் மிகுதியோ நேர்மறை, எதிர்மறை இரண்டையும் ஒருசேரப் பறிக்கிறது. எலைசாவின் அளவிடும் எல்லை 10 அலகு. நில் 8.0 என்றால் நேர்மறைக்கு அதன் கால் பங்கான 2.0 கூடுதலாக வேண்டும். அக்கூட்டுத்தொகை 10ஐத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் வேறுபாட்டை நம்பகமாக அளக்க இடமே இல்லை.

6. மைட்டோஜென் குறைவு

தீர்மானிக்க இயலாத முடிவின் முதல் வகை இது. நடைமுறையில் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. இதன் காரணங்கள் இரு திசைகளிலிருந்து வருகின்றன.

முதலாவது திசை நோயாளியின் உடல். டி செல்களின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். எச்ஐவி தொற்றில் சிடி4 செல்கள் வெகுவாகக் குறையும்போது இம்முடிவு கூடுகிறது. எண்ணிக்கை போதுமானதாக இருந்தும் செயலாற்றல் குன்றியிருக்கலாம். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டுகள் இன்டர்ஃபெரான் காமா மரபணுவின் வெளிப்பாட்டை அடக்குகின்றன. டி செல்லைத் தூண்டும் பிற செய்திப் புரதங்களையும் குறைக்கின்றன. இளங்குழந்தைகளிடம் இச்சுரப்பு இன்னும் முதிர்ச்சி பெறவில்லை. கடும் நோயுற்று மருத்துவமனையில் கிடப்போரிடமும் இம்முடிவு அடிக்கடி காணப்படுகிறது. உடல் முழுதும் பரவிய காசநோயிலேயே டி செல்கள் தளர்ந்து இம்முடிவு வரக்கூடும் என்பது நினைவில் வைக்கத்தக்கது; அந்நிலையில் இதனை எதிர்மறை எனப் படிப்பது மிகவும் அபாயமானது.

இரண்டாவது திசை குருதியின் பயணம். 37 பாகையை அடையத் தாமதமாகும்போது செல்களின் ஆற்றல் படிப்படியாகக் குன்றுகிறது. குளிரில் வைக்கப்பட்ட குழாயிலும் இதுவே நிகழ்கிறது. மைட்டோஜென் குழாய் சரியாகக் குலுக்கப்படாவிட்டால் பூசிய பொருள் கரையாது, தூண்டலே நிகழாது. குருதி அளவு மிகினும் குறையினும் செல்லுக்கும் தூண்டியுக்குமான விகிதம் மாறும்.

இரு திசைகளையும் ஒரே அறிக்கையை வைத்துப் பிரிக்க இயலாது. ஆனால், மூன்று தடயங்கள் உதவும். நோயாளியின் லிம்போசைட் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தால் காரணம் உடலில் இருக்க வாய்ப்பு மிகுதி. அதே நாளில், அதே இடத்தில் குருதி தந்த பிறரின் மைட்டோஜென் அளவுகளும் தாழ்ந்திருந்தால் காரணம் கையாளுகையில் உள்ளது. குருதி எடுத்த நேரமும் 37 பாகையில் வைத்த நேரமும் பதிவேட்டில் இருந்தால் தாமதத்தை நேரடியாகவே கணக்கிடலாம். ஆதலால், இவ்விரு நேரங்களையும் குறிக்காத ஆய்வகம் தன் தீர்மானிக்க இயலாத முடிவுகளின் காரணத்தை ஒருபோதும் அறிய இயலாது.

7. நில் மிகுதி

இரண்டாவது வகை அரிதானது. இதன் பொறிமுறையும் வேறு. எதுவும் தூண்டாத குழாயிலேயே அளவு உயர்ந்திருக்கிறது. உடல் ஏற்கெனவே ஒரு தொற்றோடு போராடிக்கொண்டிருந்தால் குருதியில் இன்டர்ஃபெரான் காமா மிகுந்திருக்கும். அப்போராட்டம் தணிந்தபின் எடுக்கும் குருதியில் நில் அளவு தாழும்.

வேறொரு காரணம் ஹெட்டரோஃபில் எதிர்ப்பொருள்கள். எலைசாக் கிண்ணத்தின் அடியில் ஓர் எதிர்ப்பொருள் இன்டர்ஃபெரான் காமாவைப் பற்றுகிறது. நிறம் தரும் நொதி பொருத்திய மற்றோர் எதிர்ப்பொருள் அதன் மேல் அமர்கிறது. நோயாளியின் குருதியில் இவ்விரண்டையும் நேரடியாக இணைக்கும் எதிர்ப்பொருள் இருந்தால், இடையே இன்டர்ஃபெரான் காமா இல்லாமலேயே நிறம் தோன்றும். இந்நிலையில் நான்கு குழாய்களும் ஏறத்தாழ ஒரே உயர்ந்த அளவைக் காட்டும். வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்தாலும் பெரும்பாலும் அதுவே நீடிக்கும். எலைசாக் கிண்ணங்களைச் செவ்வனே கழுவாமையும் பின்னணி நிறத்தை உயர்த்தும். அது அந்தத் தட்டிலுள்ள பிறரின் நில் அளவுகளிலும் தெரியும்.

குழாய் மாறிப்போதல் தனித்த அடையாளம் உடையது. நில் 10க்கு மேல், டிபி1, டிபி2, மைட்டோஜென் மூன்றும் 0.1 அளவில் என்று வந்தால் அதற்கு உடலியல் விளக்கம் தேடுவது வீண். நில் குழாயும் மைட்டோஜென் குழாயும் இடம் மாறியிருக்கின்றன என்பதே எளிய விளக்கம். ஆனால், எண்களைத் தாமே இடம் மாற்றி ‘எதிர்மறை’ என்று அறிக்கை தருவது தகாது. புதுக் குருதி எடுப்பதே முறை.

8. ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட ஒரு நேர்வைக் காண்போம். நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவருக்கு முடக்குவாதம். நாளொன்றுக்கு 10 மில்லி கிராம் பிரெட்னிசொலோனும் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்டும் உட்கொள்கிறார். டிஎன்எஃப் தடுப்பு மருந்தைத் தொடங்குமுன் சோதனை செய்யப்படுகிறது. முதல் அறிக்கையின் எண்கள்: நில் 0.06, டிபி1 0.09, டிபி2 0.11, மைட்டோஜென் 0.31.

டிபி வேறுபாடுகள் 0.03, 0.05. இரண்டும் 0.35ஐ எட்டவில்லை, நேர்மறை இல்லை. மைட்டோஜென் வேறுபாடு 0.25, 0.5க்குக் குறைவு. ஆகவே, எதிர்மறை என்றும் சொல்ல இயலாது. ஸ்டீராய்டு உட்கொள்பவர் என்பதால் அதுவே காரணம் என்று கருதி நின்றுவிடத் தோன்றும். ஆனால், அவருடைய லிம்போசைட் எண்ணிக்கை கன மில்லி மீட்டருக்கு 1,500, அது குறைவன்று. பதிவேட்டைப் பார்த்தபோது, சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் குருதி எடுக்கப்பட்டுக் குழாய்கள் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டதும் மறுநாள் 11 மணிக்கே அவை 37 பாகையில் வைக்கப்பட்டதும் தெரிகின்றன. இடைவெளி 19 மணி நேரம். அதே மாலையில் குருதி தந்த மற்ற மூவரின் மைட்டோஜென் அளவுகள் 0.4, 0.7, 0.9. மற்ற நாள்களில் காலையில் குருதி தந்தோரிடம் அது 5க்கு மேல். அம்மூவருள் எவரும் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர் அல்லர். எனவே, முதன்மைக் காரணம் குழாய்களின் பயணத்தில் இருக்கிறது.

அம்மூவருள் இருவரின் முடிவு ‘எதிர்மறை’ என வெளியாகியிருக்கும் என்பதையும் இங்குக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய மைட்டோஜென் அளவு 0.5ஐத் தாண்டிவிட்டது. ஆயினும், அதே தாமதத்துக்கும் அதே குளிருக்கும் உள்ளான குருதி அது. அவர்களையும் திரும்ப அழைத்துச் சோதிப்பதே பொறுப்பான செயல்.

புதுக் குருதி காலை 9.30க்கு எடுக்கப்பட்டு, அறை வெப்பத்தில் வைக்கப்பட்டு, மூன்று மணி நேரத்துக்குள் 37 பாகையை அடைகிறது. எண்கள்: நில் 0.05, டிபி1 0.58, டிபி2 0.66, மைட்டோஜென் 4.10. டிபி வேறுபாடுகள் 0.53, 0.61. இரண்டும் 0.35க்கு மேல், நில் அளவின் கால் பங்குக்கும் வெகுவாக மேல். முடிவு நேர்மறை. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவை இல்லை. நெஞ்சு ஊடுகதிர்ப் படத்திலும் மாற்றம் இல்லை. ஆகவே, இது உள்ளுறைத் தொற்று எனக் கொள்ளப்படுகிறது. தடுப்பு சிகிச்சை தொடங்கப்பட்டு, ஒரு மாதமேனும் கழிந்தபின் டிஎன்எஃப் தடுப்பு மருந்து தொடங்கத் திட்டமிடப்படுகிறது.

முதல் அறிக்கை எதிர்மறையாகப் படிக்கப்பட்டிருந்தால் அரண் தளர்க்கும் மருந்து உறங்கும் கிருமியின் மீதே செலுத்தப்பட்டிருக்கும்.

9. மீளச் சோதித்தலும் அதன் எல்லையும்

முதல் தீர்மானிக்க இயலாத முடிவுக்குப்பின் புதுக் குருதியில் ஒருமுறை மீளச் சோதிப்பது பயனுள்ளது. கையாளுகைப் பிழைகள் அதில் நீங்கும். ஸ்டீராய்டு அளவைக் குறைக்கும் வாய்ப்பு இருந்தால் அதன்பின் சோதிப்பது நன்று. சரியாகக் கையாண்டும் இரண்டாம் முறை மைட்டோஜென் தாழ்ந்தே இருந்தால் காரணம் உடலில் உள்ளது. மூன்றாம், நான்காம் முறைகள் புதிதாக எதனையும் சொல்வது அரிது.

அப்போது வேறு வழிகள் உண்டு. டி-ஸ்பாட் முறையில் வெள்ளணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டு, எண்ணப்பட்டு, ஒவ்வொரு கிண்ணத்திலும் 2,50,000 செல்கள் என்ற அளவில் இடப்படுகின்றன; இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் செல் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. செல்களின் எண்ணிக்கை சமன்செய்யப்படுவதால் லிம்போசைட் குறைந்தவர்களிடம் இம்முறை உதவக்கூடும். எனினும், எண்ணிக்கையைச் சமன்செய்யலாமே அன்றிச் செயலாற்றலைச் சமன்செய்ய இயலாது. டியூபர்குலின் தோல் சோதனையில் தடிப்புத் தோன்றினால் அது கருதத்தக்கது. தோன்றாவிட்டால், அதே டி செல்களைச் சார்ந்த சோதனை என்பதால், அதே ஐயம் அங்கும் தொடரும். இறுதியில் நோயாளி காசநோயாளியோடு வாழ்ந்தாரா, ஊடுகதிர்ப் படத்தில் பழைய வடு உண்டா, தொடங்கவிருக்கும் மருந்து எவ்வளவு அபாயம் தரும் என்பவற்றைக் கொண்டு மருத்துவரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

மைட்டோஜென் தேர்ச்சியும் முழு உறுதி அன்று. பைட்டோஹீமக்ளூட்டினின் மிக வலிமையான தூண்டி. பாதி தளர்ந்த செல்களும் அதற்கு விடையளித்து 0.5ஐத் தாண்டிவிடலாம், காசநோய்ப் புரதத்தின் மெல்லிய தூண்டலுக்கு விடையளிக்காமல் போகலாம். மைட்டோஜென் 0.6 உடைய எதிர்மறையும் 9.0 உடைய எதிர்மறையும் அறிக்கையில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. அவற்றின் நம்பகம் ஒன்றன்று. இதனாலேயே அறிக்கையில் சொல்லோடு நான்கு எண்களும் அச்சிடப்பட வேண்டும்.

முடிவுரை

இன்டர்ஃபெரான் காமா வெளியீட்டுச் சோதனை, உயிருள்ள செல்களிடம் அவற்றின் நினைவைக் கேட்டறியும் முறை. ஆர்டி1 பகுதிக்குரிய புரதங்களைப் பயன்படுத்துவதால் பிசிஜி பெற்றோரிடமும் அது பொருள் தருகிறது. செல்கள் தளர்ந்திருந்தாலோ பின்னணி உயர்ந்திருந்தாலோ சோதனை தன் விடையைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அதன் பெயரே தீர்மானிக்க இயலாத முடிவு. மைட்டோஜென் குறைவு எதிர்மறையை மட்டும் மறுக்கிறது. நில் மிகுதி இரு விடைகளையும் மறுக்கிறது. காரணம் உடலிலா கையாளுகையிலா என்பதை லிம்போசைட் எண்ணிக்கை, உடன் எடுத்த பிறரின் அளவுகள், பதிவான நேரங்கள் ஆகிய மூன்றும் காட்டும். அம்மூன்றையும் பார்த்து, புதுக் குருதியில் ஒருமுறை மீளச் சோதித்த பின்னரே அம்முடிவை நோயாளியின் உடல்நிலைக்கு உரியதாகக் கொள்ளுதல் தகும்.